‘வித்தியாசமான செல்கள், எச்.பி.வி. பாசிட்டிவ்’: அந்த ரிப்போர்ட் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை?

வெள்ளிக்கிழமை இரவு 9 மணி. பரிசோதனைக் கூடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். வந்து விழுகிறது. சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் 34 வயதுப் பெண், கவிதா என்று வைத்துக்கொள்வோம், அதைத் திறந்து பார்க்கிறார். அலுவலகம் ஏற்பாடு செய்த முழு உடல் பரிசோதனையில் முதல்முறையாகக் கருப்பை வாய்ப் பரிசோதனையும் செய்துகொண்டவர் அவர். சர்க்கரை, கொலஸ்ட்ரால் எல்லாம் சரி. கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிகள்:

`Atypical squamous cells of undetermined significance (ASC-US)`
`High-risk HPV DNA: DETECTED (other high-risk types)`

இரண்டாவது வரி சிவப்பு எழுத்தில் இருக்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எங்கேயும் இல்லை. "மருத்துவக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்" என்று பொதுவாக ஒரு வரி மட்டும். டாக்டரைப் பார்க்க திங்கட்கிழமைதான் நேரம் கிடைக்கும். நடுவில் இரண்டரை நாள், கையில் இன்டர்நெட். சனிக்கிழமை காலைக்குள் கவிதா தனக்குப் புற்றுநோய் என்றே முடிவு செய்துவிடுகிறார். "யாருகிட்டயும் சொல்லாதே" என்று அம்மா அழுகிறார். "கர்ப்பப்பையை எடுத்துட்டா பிரச்சினையே இல்லையாம்" என்று சொந்தக்காரர் ஒருவர் யோசனை சொல்கிறார்.

கவிதா கற்பனைப் பாத்திரம்தான். ஆனால், இந்த ரிப்போர்ட் கற்பனை அல்ல. கருப்பை வாய்ப் பரிசோதனையில் ‘நார்மல் இல்லை’ என்று வரும் முடிவுகளில் உலகெங்கும் மிக அதிகமாக வருவது இந்த முதல் வரிதான். அதோடு எச்.பி.வி. பாசிட்டிவும் சேர்ந்து வருவது அபூர்வம் இல்லை. இந்த வரிகளில் புற்றுநோய் என்ற சொல் எங்கேயும் கிடையாது. அதற்காக ஒதுக்கிவிடக்கூடிய ரிப்போர்ட்டும் அல்ல இது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சரியான பொருளைப் புரிந்துகொள்ள, ஒவ்வொரு வரியாகப் பார்ப்பது நல்லது.

முதல் வரி: செல்கள் பற்றியது

கருப்பையின் கீழ்முனைதான் கருப்பை வாய். பேப் பரிசோதனையில் அங்கிருந்து சின்ன பிரஷ் கொண்டு செல்களைத் தொட்டு எடுத்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். பார்ப்பவர் முக்கியமாகக் கவனிப்பது செல்லின் உட்கருவை. அது எவ்வளவு பெரிதாக இருக்கிறது, எவ்வளவு கருமையாக இருக்கிறது, அதன் ஓரம் சீராக இருக்கிறதா என்று பார்ப்பார்.

சில செல்களில் உட்கரு வழக்கமான அளவைவிட சுமார் இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும். ‘நார்மல்’ என்று எழுத மனம் ஒப்பாது. ‘நோய்க்கு முந்தைய மாற்றம்’ என்று உறுதியாக எழுதவும் போதுமான அடையாளம் இருக்காது. அந்த இடத்தில் எழுதப்படுவதுதான் ASC-US. ‘செல்கள் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கின்றன, அதன் பொருள் என்னவென்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை’ என்பதே அதன் நேரடி அர்த்தம். அதாவது, இது ஒரு நோயின் பெயர் அல்ல. பார்த்தவரின் சந்தேகத்துக்கு வைத்த பெயர்.

பெண்ணுறுப்பில் பூஞ்சைத் தொற்று, வேறு கிருமித் தொற்று, மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சி, ஸ்லைடில் செல்கள் சரியாகப் பதியாமல் உலர்ந்துபோவது என இந்தத் தோற்றத்துக்குச் சாதாரணக் காரணங்கள் பல உண்டு. எச்.பி.வி. வைரஸும் ஒரு காரணம்.

பார்ப்பவருக்குப் பார்ப்பவர் இந்த முடிவு மாறவும் செய்யும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வு ஒன்றில், முதலில் இந்த முடிவு எழுதப்பட்ட ஸ்லைடுகளை நிபுணர்கள் மறுபடி பார்த்தார்கள். அதே முடிவுக்கு வந்தது பாதிக்கும் குறைவான ஸ்லைடுகளில்தான். சில ‘நார்மல்’ ஆகின, சில அதைவிட மோசமான பிரிவுக்குப் போயின. இது யாருடைய கவனக்குறைவும் அல்ல. இந்தப் பிரிவின் இயல்பே அப்படி. அதனால்தான் இதை வைத்து மட்டும் யாரும் சிகிச்சை தொடங்குவதில்லை. தீர்ப்பு சொல்ல இன்னொரு சாட்சி தேவை. அதுதான் இரண்டாவது வரி.

இரண்டாவது வரி: வைரஸ் பற்றியது

எச்.பி.வி. என்பது ஒரே வைரஸ் அல்ல, 200-க்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட குடும்பம். கை, காலில் வரும் மருவுக்குக் காரணமான வகைகளும் இந்தக் குடும்பம்தான். கருப்பை வாய்ப் புற்றுநோயோடு தொடர்புள்ள சுமார் 14 வகைகளைத்தான் ‘ஹை ரிஸ்க்’ என்று பிரித்துப் பரிசோதிக்கிறார்கள். அவற்றிலும் 16, 18 என்ற இரண்டு எண்கள் தனி. உலக அளவில் கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த இரண்டும்தான் காரணம். ஆகவே, ரிப்போர்ட் கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: 16 அல்லது 18 என்று இருக்கிறதா, அல்லது ‘மற்ற ஹை ரிஸ்க் வகைகள்’ என்று இருக்கிறதா? கவிதாவின் ரிப்போர்ட்டில் இருப்பது இரண்டாவது.

‘டிடெக்டட்’ என்றால் மாதிரியில் வைரஸின் மரபணு கிடைத்தது என்று மட்டுமே பொருள். பாலுறவு வாழ்க்கை உள்ள பெரும்பாலானவர்களுக்கு, ஆணோ பெண்ணோ, வாழ்நாளில் எப்போதாவது இந்த வைரஸ் வந்து போகிறது. பத்தில் ஒன்பது தொற்றுகளை உடலின் எதிர்ப்பு சக்தியே இரண்டு வருடங்களுக்குள் அடக்கிவிடுகிறது. எந்த அறிகுறியும் இல்லாததால் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பிரச்சினை, போகாமல் வருடக்கணக்கில் தங்கிவிடும் சிறு பகுதியில்தான். அதிலும் செல்களில் மாற்றம் தொடங்கிப் புற்றுநோயாக மாற, சாதாரண எதிர்ப்பு சக்தி உள்ள பெண்ணுக்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எச்.ஐ.வி. தொற்றுக்குச் சிகிச்சை எடுக்காதவர்களுக்கு இந்தக் காலம் 5 முதல் 10 ஆண்டுகளாகக் குறையும்.

இந்த நீண்ட இடைவெளிதான் இந்தப் பரிசோதனைக்கே அடிப்படை. புற்றுநோயைக் கண்டுபிடிக்க மட்டும் அல்ல, அது வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே தடுத்து நிறுத்த வேண்டிய மாற்றத்தைக் கண்டுபிடிக்கவே இதைச் செய்கிறார்கள்.

இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு ஆபத்து?

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு வரிகளுமே பலவீனமான சாட்சிகள். சேர்ந்து வரும்போது கொஞ்சம் பலம் கூடுகிறது. எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் கருப்பை வாய் நோய் நிபுணர்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், வடக்கு கலிஃபோர்னியாவில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பரிசோதனைப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டது. அதன்படி, முந்தைய பரிசோதனை விவரம் தெரியாத 100 பெண்களுக்கு இதே இரண்டு வரிகள் வந்தால், அவர்களில் நான்கைந்து பேருக்கு இப்போது சி.ஐ.என். 3 அல்லது அதற்கு மேற்பட்ட மாற்றம் இருக்க வாய்ப்பு உண்டு.

சி.ஐ.என். 3 என்பது என்ன? கருப்பை வாயின் மேல்தோலுக்குள்ளேயே அடங்கி இருக்கும் தீவிர மாற்றம் அது. அடித்தோலைத் துளைத்து உள்ளே போகாதவரை அது புற்றுநோய் ஆகாது. அந்த நான்கைந்து பேரிலும் உண்மையில் புற்றுநோய் இருப்பது மிகச் சிறு பகுதியினருக்கே. ஆனால், விட்டுவைக்கக் கூடாத மாற்றம் அது. நியூசிலாந்தில் பல ஆண்டுகளுக்கு முன் சி.ஐ.என். 3 இருந்தும் முறையான சிகிச்சை தரப்படாத பெண்களின் பதிவுகளைப் பிற்பாடு ஆராய்ந்தபோது, 30 வருடங்களில் 100-ல் சுமார் 31 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது தெரிந்தது. சரியான சிகிச்சை பெற்றவர்களில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே.

ஆக, கவிதாவின் ரிப்போர்ட்டை இப்படிப் படிக்கலாம். 100-ல் 95 பேருக்கு இப்போது தீவிர மாற்றம் எதுவும் இல்லை. மீதி நான்கைந்து பேர் யார் என்று ரிப்போர்ட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அவர்களைக் கண்டுபிடிக்க 100 பேரையும் ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும். அந்த வழிகாட்டுதலில் இந்த ஆபத்து 4 சதவீதத்தைத் தொட்டால் அடுத்த கட்டம் கால்போஸ்கோபி. கவிதா அந்தக் கோட்டைச் சற்றே தாண்டி நிற்கிறார்.

இங்கே பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இதே இரண்டு வரிகள், கடந்த ஐந்து வருடங்களுக்குள் எச்.பி.வி. நெகட்டிவ் வந்த பெண்ணுக்கு வந்திருந்தால் ஆபத்து சுமார் 2 சதவீதமாகப் பாதியாகிறது. அவருக்கு அதே வழிகாட்டுதல் ஒரு வருடம் கழித்து மறுபரிசோதனை போதும் என்கிறது. முன்பு வந்த நெகட்டிவ், இப்போதைய தொற்று புதிது என்று சொல்கிறது. புதிய தொற்று தானாகப் போகும் வாய்ப்பு அதிகம். ‘நார்மல்’ என்று வந்த பழைய ரிப்போர்ட்டைத் தூக்கி எறியக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். டாக்டரிடம் போகும்போது அதையும் எடுத்துப் போனால், தேவையில்லாத ஒரு பரிசோதனையே மிச்சமாகலாம்.

திங்கட்கிழமை நடப்பது

"பயப்படாதீங்க, உட்காருங்க. இது கேன்சர் ரிப்போர்ட் இல்ல. ஆனா ஒரு தடவை உள்ள பார்த்துடுவோம்" என்று மகப்பேறு மருத்துவர் சொல்வார். அந்தப் ‘பார்ப்பது’தான் கால்போஸ்கோபி. பெயர் பெரிதாக இருந்தாலும் மயக்க மருந்து தேவையில்லை. கால் மணி நேர வேலை. மாதவிடாய் நாள்களைத் தவிர்த்துத் தேதி வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய ஓரிரு நாள்கள் உடலுறவையும் உள்ளே வைக்கும் மருந்துகளையும் தவிர்க்கச் சொல்வார்கள்.

கால்போஸ்கோப் என்பது வெளியே நிற்கும் உருப்பெருக்கிக் கருவி, உள்ளே போவதில்லை. கருப்பை வாயில் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தை, கிட்டத்தட்ட சமையல் வினிகரின் காரம்தான், பஞ்சில் நனைத்துத் தடவுவார்கள். லேசாக எரியலாம். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். இதே தத்துவத்தில் வெறும் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனை திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்களிடம் நடத்தப்பட்டது. அது கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்களைச் சுமார் 35 சதவீதம் குறைத்ததாக 2007-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. கால்போஸ்கோபி அதே விஷயத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் அரிசி அளவுக்கும் சிறிதாக, ஒன்றுக்கு மேற்பட்ட துணுக்குகள் எடுப்பார்கள். இதுதான் பயாப்சி. கிள்ளுவது போலவோ, மாதவிடாய் வலி போலவோ ஒரு கணம் இருக்கும். ரத்தத்தை நிறுத்தத் தடவும் மருந்தால் சில நாள்கள் காபித்தூள் நிறத்தில் கசிவு வரலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். அளவுக்கு மீறி ரத்தம் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ மட்டும் உடனே போய்ப் பார்க்க வேண்டும்.

கவிதாவுக்கு பயாப்சி முடிவு சி.ஐ.என். 1 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். இது வைரஸ் இருப்பதன் அடையாளம். பெரும்பாலும் தானாகவே சரியாகும். சிகிச்சை இல்லை. ஒரு வருடம் கழித்து எச்.பி.வி. பரிசோதனை. அது நெகட்டிவ் ஆனால் அடுத்தடுத்த பரிசோதனைகளின் இடைவெளியை டாக்டர் நீட்டிப்பார். பாசிட்டிவாகவே இருந்தால் மறுபடி கால்போஸ்கோபி. மாறாக சி.ஐ.என். 3 என்று வந்திருந்தால், மாற்றம் உள்ள பகுதியை மட்டும் மின்கம்பி வளையத்தால் சீவி எடுப்பார்கள். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடும் சிகிச்சைதான். நடுவில் இருக்கும் சி.ஐ.என். 2-க்கும் பொதுவாக இதே சிகிச்சைதான் என்றாலும், குழந்தை பெறத் திட்டமிடும் பெண்ணுக்குச் சில நேரங்களில் நெருங்கிக் கண்காணிப்பதும் உண்டு. சீவி எடுத்த கருப்பை வாய், பிற்காலக் கர்ப்பத்தில் குறைப்பிரசவ வாய்ப்பைச் சற்று கூட்டலாம் என்பதே காரணம்.

மூன்று தவறுகள்

இந்த ரிப்போர்ட்டால் நேரும் உண்மையான சேதம் பல வீடுகளில் வைரஸால் வருவதில்லை. அவசர முடிவுகளால் வருகிறது.

முதலாவது, "கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்பது. இந்த இரண்டு வரிகளை வைத்துக் கருப்பையை அகற்றுவதற்கு எந்த மருத்துவ நியாயமும் இல்லை. 100-ல் 95 பேருக்கு அது தேவையே இல்லாத பெரிய அறுவை சிகிச்சை. மீதிப் பேரிலும் உண்மையில் புற்றுநோய் இருப்பவருக்கு அது இன்னும் ஆபத்து. கால்போஸ்கோபி, பயாப்சி பார்க்காமல் சாதாரணமாகக் கருப்பையை எடுத்துவிட்டால், புற்றுநோய்க்குச் செய்ய வேண்டிய விரிவான அறுவை சிகிச்சை அரைகுறையாக நின்றுவிடும். "குழந்தை பெத்தாச்சு, இனி எதுக்கு அது" என்று யாராவது சொன்னால், "பயாப்சி ரிப்போர்ட் எங்கே?" என்ற ஒரே கேள்வி போதும். அது இல்லாமல் யாராவது தேதி குறித்தால், இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்பது அந்தப் பெண்ணின் உரிமை.

இரண்டாவது, "யார்கிட்ட இருந்து வந்துச்சு?" என்ற விசாரணை. இது கேட்கப்படும் வீடுகளில் பெண்கள் மறுபரிசோதனைக்கே போகாமல் இருந்துவிடுகிறார்கள். இந்த வைரஸ் அடங்கிப்போய், கண்டுபிடிக்க முடியாத அளவில் பல வருடங்கள் உடலில் இருந்து மறுபடி தலைதூட்டக்கூடியது. இன்றைய பாசிட்டிவ் போன மாதத் தொற்றா, திருமணத்துக்கு முன்பு வந்ததா, கணவரிடமிருந்து வந்ததா என்று சொல்லும் பரிசோதனை எதுவும் கிடையாது. ஆகவே, இந்த ரிப்போர்ட் யாருடைய ஒழுக்கத்துக்கும் சாட்சி அல்ல. கணவருக்கு இதற்காகத் தனிப் பரிசோதனையும் வழக்கத்தில் இல்லை. அவர் செய்யக்கூடியது, கால்போஸ்கோபி அன்று லீவு போட்டுவிட்டுக் கூடப் போவது.

மூன்றாவது, மாத்திரை தேடுவது. எச்.பி.வி. வைரஸை உடலிலிருந்து விரட்டும் நிரூபிக்கப்பட்ட மருந்து இதுவரை இல்லை. ‘இம்யூனிட்டி’ பெயரில் விற்கும் பாட்டில்களை வாங்கிக் குடித்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து இன்னொரு லேபில் பேப் எடுத்து ‘நார்மல்’ என்று வந்ததும் நிம்மதி அடைவது ஆபத்தான சுற்றுவழி. பேப் பரிசோதனை சில நேரம் மாற்றத்தைத் தவறவிடும், எச்.பி.வி. பாசிட்டிவ் வந்த பிறகு அந்த ஒரு நார்மலை வைத்துக் கால்போஸ்கோபியைக் கைவிடக் கூடாது. தடுப்பூசி இனி வரக்கூடிய வகைகளைத் தடுக்கும், ஏற்கெனவே உள்ள தொற்றைக் குணப்படுத்தாது. புகைப்பழக்கம் இருந்தால் விடுவது மட்டும் உண்மையிலேயே உதவும். புகை, வைரஸ் தங்குவதற்குத் துணைபோகிறது.

இந்தக் கணக்கு பொருந்தாதவர்கள்

மேலே சொன்ன நிதானம் எந்த அறிகுறியும் இல்லாமல் பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கானது. உடலுறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய்க்கு நடுவே ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம், துர்நாற்றத்தோடு நீடிக்கும் கசிவு இருந்தால் சதவீதம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ரிப்போர்ட் என்ன சொன்னாலும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். எச்.பி.வி. 16 அல்லது 18 என்று வந்தால், பேப் முடிவு நார்மலாக இருந்தாலும் கால்போஸ்கோபி உண்டு. ASC-US என்பதற்குப் பதிலாக ASC-H அல்லது HSIL என்று இருந்தால், அது வேறு கணக்கு. பார்க்க ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஆபத்து பல மடங்கு அதிகம், தள்ளிப்போடக் கூடாது. 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வைரஸ் வந்து போவது மிகச் சாதாரணம் என்பதால் பெரும்பாலும் காத்திருந்து பார்ப்பார்கள். கர்ப்பிணிகளுக்கும் கால்போஸ்கோபி பாதுகாப்பானதே. ஆனால், டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கவிதாவின் ரிப்போர்ட்டுக்கு இரவோடு இரவாக ஓட வேண்டியதில்லை. சில வாரங்கள் தாமதமானால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் ‘அப்ரைசல் முடியட்டும், பாப்பா ஸ்கூல் அட்மிஷன் முடியட்டும்’ என்று ஒரு வருடம் தள்ளிப்போடுவதும் சரியல்ல. இரண்டு மூன்று மாதங்களுக்குள் கால்போஸ்கோபி முடிந்துவிட வேண்டும்.

ஒரு வரி சேர்க்க என்ன கஷ்டம்?

பரிசோதனைக் கூடங்கள் சொல்லும் பதில் தெரிந்ததுதான்: ரிப்போர்ட் டாக்டருக்காக எழுதப்படுகிறது, நோயாளிக்காக அல்ல. ரிப்போர்ட் டாக்டரின் மேஜைக்கு மட்டும் போன காலத்தில் அது சரி. இப்போது அது டாக்டருக்கு முன்பே நோயாளியின் போனுக்கு வருகிறது. அனுப்பும் வழி மாறிவிட்டது, எழுதும் முறை மாறவில்லை. சிவப்பு எழுத்து மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

நோயைக் கணிப்பது டாக்டரின் வேலை என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், ஒரு பிரிவின் பொருளைச் சொல்வது கணிப்பு அல்ல. "இது புற்றுநோய் முடிவு அல்ல. மேல்பரிசோதனை தேவையா என்று முடிவு செய்ய, முந்தைய ரிப்போர்ட்டுகளுடன் சில வாரங்களுக்குள் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அறிகுறிகள் இருந்தால் உடனே பாருங்கள்." தமிழில் மூன்று வாக்கியம். எந்தக் கருவியும் வாங்க வேண்டாம், யாரையும் வேலைக்கு எடுக்க வேண்டாம். பணியாளர்களுக்கு மொத்தமாகப் பரிசோதனை ஏற்பாடு செய்யும் நிறுவனங்கள், லேபோடு போடும் ஒப்பந்தத்திலேயே இதைக் கேட்டு வாங்கலாம். கூடவே, இதுபோன்ற முடிவு வந்தவர்களை ஒரு நர்ஸ் போனில் அழைத்துப் பேசவும், கால்போஸ்கோபிக்கு நேரம் வாங்கித் தரவும் கேட்கலாம். பரிசோதனைக்கு அழைத்துப் போய்விட்டு, முடிவு வந்த இரவில் தனியாக விட்டுவிடுவது பாதி வேலைதான்.

அந்த மூன்று வாக்கியங்கள் இருந்திருந்தால் கவிதாவும் திங்கட்கிழமைதான் டாக்டரைப் பார்த்திருப்பார். ஆனால், சனியும் ஞாயிறும் அவர் வீட்டில் யாரும் அழுதிருக்க மாட்டார்கள்.